யூடியூப்பில் ஏற்றியதும் எழுத்தின் புள்ளி காணாமல் போகிறது: கூட்ட வேண்டியது பிட்ரேட்டா, ரெசலூஷனா?

தலவாக்கலை_விஞ்ஞானம்

சாதாரண தர விஞ்ஞானக் கடந்தகால வினாத்தாள்களுக்கு விளக்கக் காணொளி செய்கிறேன். வினாத்தாளின் பீடிஎஃப்பை லெப்டொப் திரையில் திறந்து, அதன்மேல் பேனாவால் குறித்துக்கொண்டே பேசுவது. அதை ஓபிஎஸ்ஸில் பதிவு செய்வது. ஒரு பாடம் 20 நிமிடம். யூடியூப் சொல்லும் அளவுப்படி 1080p, 30 பிரேம், 8 மெகாபிட்டில்தான் கொடுக்கிறேன்.

ஏற்றிய பிறகு பார்த்தால் எழுத்து கரைந்துவிடுகிறது. முதலில் போவது புள்ளிதான். "ஒளித்தொகுப்பு" என்பது "ஒளிததொகுபபு" என்று தெரிகிறது. கி, கீ இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போனில் 360p, 480p-இல் பார்ப்பவர்கள்.

பிட்ரேட்டை 20க்குக் கூட்டினால் சரிவருமா? இங்கே அப்லோட் வேகம் 3 மெகாபிட்தான், அதனால் கோப்பு பெரிதானால் கஷ்டம்.

கொழுந்து

மிஸ், 20 போதாது. 4K-யில் 50 மெகாபிட் கொடுங்க. யூடியூப் எப்படியும் பாதியை வெட்டிவிடும், நாம கூட்டிக் கொடுத்தால்தான் மிச்சம் கொஞ்சம் நிற்கும்.

நானுஓயா_படத்தொகுப்பு

கொழுந்து சொல்வதில் 4K என்ற பாதி சரி, 50 மெகாபிட் என்ற பாதி சரியில்லை. யூடியூப் நம்முடைய கோப்பை எடுத்து அதிலிருந்து சதவீதம் வெட்டுவதில்லை. அதை முழுதாக விரித்து ஒவ்வொரு பிரேமையும் படமாக்கி, பிறகு 360, 480, 720, 1080 என்று ஒவ்வொன்றுக்கும் தன்னுடைய கணக்கில் புதிதாகச் சுருக்குகிறது. நாம் 8 கொடுத்தாலும் 50 கொடுத்தாலும் பார்க்கிறவருக்குப் போகும் பிட்ரேட் அது தீர்மானிப்பதுதான். நம் பிட்ரேட்டின் வேலை ஒன்றே ஒன்று: அது விரித்துப் பார்க்கும்போது படம் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டிக் கொடுக்கிற ஒவ்வொரு மெகாபிட்டும் உங்கள் அப்லோட் நேரத்தைத்தான் தின்னும்.

மிஸ், எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஏற்றுவதற்கு முன்னால் உள்ள கோப்பை, உங்கள் கணினியிலேயே, முழுத்திரையில் நிறுத்தி வைத்து ஒரு வரியை உற்றுப் பாருங்கள். புள்ளி அங்கேயே மங்கலாக இருந்தால் யூடியூப்பின் மேல் பழி இல்லை. லெப்டொப் திரை எத்தனை பிக்சல்? வினாத்தாளின் முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிறதா?

தலவாக்கலை_விஞ்ஞானம்

பார்த்தேன். எங்கள் கோப்பிலேயே ஓரங்கள் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கின்றன, ஆனால் வாசிக்கலாம். திரை 1366×768. ஆமாம், முழுப் பக்கமும் தெரியும்படி வைத்துத்தான் பேசுகிறேன். ஓபிஎஸ்ஸில் Recording Quality என்ற இடத்தில் Same as stream என்று இருக்கிறது.

நானுஓயா_படத்தொகுப்பு

அப்படியென்றால் எழுத்து மூன்று இடத்தில் அடி வாங்கிய பிறகுதான் யூடியூப்புக்கே போகிறது.

Same as stream என்றால் நேரலைக்கு வைத்திருக்கும் குறைந்த பிட்ரேட்டிலேயே பதிவும் நடக்கும். அதைத் திரும்ப 8 மெகாபிட்டில் எழுதினாலும் போனது திரும்பாது. Indistinguishable Quality என்பதற்கு மாற்றுங்கள், அது முடிந்தது.

அடுத்தது திரை. 1366 அகலத்தில் உள்ளதை 1920க்கு இழுத்தால் ஒரு பிக்சல் 1.4 பிக்சலாக வேண்டும். அப்படி ஒரு பிக்சல் இல்லாததால் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சாம்பல் ஓரமாக மாறும். உங்களுக்குத் தெரியும் அந்த மென்மை அதுதான்.

மூன்றாவதுதான் பெரியது. ஏ4 தாளின் உயரம் 11.69 அங்குலம். அதை 1080 பிக்சல் உயரத்துக்குள் அடக்கினால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான் கிடைக்கும். வினாத்தாளின் எழுத்து 11 பொயின்ட் என்று வைத்தால் எழுத்தளவு 14 பிக்சல். அதே காணொளியைப் பிள்ளை 360p-இல் பார்க்கும்போது மூன்றில் ஒன்றாகி 5 பிக்சலுக்கும் கீழே போகிறது. ஐந்து பிக்சலுக்குள் "த்" என்ற எழுத்தும் அதன் மேல் புள்ளியும் நிற்க இடமே இல்லை. புள்ளி ஒரு பிக்சலுக்கும் குறைவு, அதனால் பின்னணி வெள்ளையோடு கலந்துவிடுகிறது. இங்கே பிட்ரேட்டுக்கு வேலையே இல்லை. சுருக்காமல் அனுப்பினாலும் அந்தப் புள்ளி தெரியாது.

ஆங்கில வினாத்தாளில் இதே அளவில் சமாளித்துவிடலாம். தமிழில் பொருளே புள்ளியிலும் சுழியிலும் நிற்பதால், ஆங்கிலத்துக்கென்று இணையத்தில் சொல்லப்படும் குறைந்தபட்ச எழுத்தளவுகளை நம்ப வேண்டாம்.

ஹப்புத்தளை_பனி

அப்போ பக்கத்தை ஸூம் செய்து கீழே உருட்டிக்கொண்டே போகலாம்தானே?

நானுஓயா_படத்தொகுப்பு

ஸூம் சரி, உருட்டுவது வேண்டாம். யூடியூப் ஒவ்வொரு பிரேமிலும் மாறிய பகுதியைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. பக்கம் அசையாமல் நின்றால் மாறுவது பேனா முனை மட்டும், அதனால் இருக்கிற பிட் முழுவதும் எழுத்தைத் திருத்தப் போகும். கவனித்தால் தெரியும்: புதிய பக்கம் வந்த முதல் நொடியில் எழுத்து சற்றுக் கலங்கலாக இருந்து, பிறகு தெளியும். மெதுவாக உருட்டினால் அந்தத் தெளியும் நேரம் கிடைப்பதே இல்லை. பக்கங்களுக்கு இடையே மெதுவாக மங்கி மாறும் எபெக்ட்டும், மெல்ல நெருங்கும் ஸூமும் அதே கேடுதான். சட்டென்று வெட்டி மாற்றுங்கள், மாற்றிய பின் இரண்டு மூன்று நொடி பேனாவை வைக்காமல் வினாவை வாசியுங்கள்.

இப்போது கணக்கு. தாளின் அகலம் 8.27 அங்குலம். இரு பக்க ஓரவெளியிலும் முக்கால் அங்குலம் வெட்டினால் 6.77. அந்த அகலத்தை 1920 பிக்சலில் நிரப்பினால் அங்குலத்துக்கு 284 பிக்சல், 11 பொயின்ட் எழுத்து 43 பிக்சல். 360p-இல் 14, 480p-இல் 19. 14 பிக்சலில் புள்ளி இரண்டு பிக்சலை எட்டும், வாசிக்கலாம். ஒரு பக்கம் மூன்று துண்டாக வரும், அவ்வளவுதான் விலை.

திரையைப் பிடிக்காமல் பீடிஎஃப்பையே படமாக்குங்கள். லெப்டொப் திரை சின்னது என்ற தடை அதோடு போய்விடும்:

```
pdftoppm -r 400 -png vinathal.pdf pakkam
```

400 போட்டால் அந்த 6.77 அங்குலத்துக்கு 2708 பிக்சல் கிடைக்கும். இதை 2560×1440 அளவுள்ள ஒரு திட்டத்தில் வைக்கலாம், இழுக்கத் தேவையில்லை. ஓபிஎஸ்ஸில் Base (Canvas) Resolution, Output (Scaled) Resolution இரண்டும் 2560×1440 என்று ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் மறுபடி அதே சாம்பல் ஓரம் வரும். பீடிஎஃப் ஸ்கேன் செய்ததாக இருந்தால் 400 போட்டுப் பயனில்லை. தாளையே 400 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும்.

கொழுந்து

1440 எதுக்குங்க? பிள்ளைகள் 360-இல் பார்க்கிறார்கள். 1440-இல் ஏற்றினால் 1440-இல் பார்க்கிறவனுக்குத்தானே லாபம்?

நானுஓயா_படத்தொகுப்பு

நியாயமான கேள்வி. 360-இல் பார்க்கிற பிள்ளைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி எழுத்தளவால் வந்த லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூடியூப் எந்தக் கோடெக்கில் சுருக்குகிறது என்பது ஏற்றும் ரெசலூஷனைப் பொறுத்து மாறுகிறது. 1080p-இல் ஏற்றிய, பார்வையாளர் குறைந்த காணொளி பெரும்பாலும் `avc1` ஆகத்தான் போகும். 1440p அல்லது அதற்கு மேல் ஏற்றினால் `vp09` பதிப்பும் உருவாகும், கீழுள்ள 1080, 720 பதிப்புகளும் அதில் கிடைக்கும். அதே பிட்டில் `vp09` எழுத்தின் ஓரத்தை இன்னும் நன்றாகக் காக்கிறது. `avc1`-இல் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் ஒரு புகை வருமே, அது குறையும். ஆகவே 720p-இல் பார்க்கிறவருக்கும் லாபம் உண்டு.

நம்ப வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம். கணினியில் காணொளியின் மேல் வலது கிளிக் செய்து Stats for nerds எடுங்கள். Codecs என்ற வரியில் `avc1` என்று தொடங்குகிறதா, `vp09` என்று தொடங்குகிறதா என்று தெரியும். சில காணொளிகளில் `av01` வரும், அது இன்னும் புதியது.

ஏற்றிய உடனே பார்த்து முடிவு கட்டாதீர்கள். முதலில் குறைந்த பதிப்புகள்தான் தயாராகும், உயர்ந்தவை பின்னால் வரும். அதுவரை Unlisted-இல் வைத்திருந்து, 1440p தெரிந்த பிறகு திறந்துவிடுங்கள்.

எல்ல_டிரோன்

எனக்கும் இதே பிரச்சினை, எழுதியதற்கு நன்றி. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போவதை 4K-யில் எடுத்தேன். போனில் தேயிலைச் செடி இலை இலையாகத் தெரிகிறது, ஏற்றியதும் பச்சைக் களியாகிவிடுகிறது. ரயிலின் எழுத்து மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பக்கத்தைப் படமாக்க வேண்டுமா?

நானுஓயா_படத்தொகுப்பு

இல்லை, உங்களுடையது நேர் எதிர் நோய். மிஸ்ஸின் பக்கம் அசைவதே இல்லை. உங்கள் சட்டத்தில் அசையாதது எதுவும் இல்லை. டிரோன் முன்னால் போகும்போது ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்கிறது, காற்றில் ஆடவும் செய்கிறது. முந்திய பிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள யூடியூப்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இருக்கிற பிட்டை லட்சம் இலைக்குப் பங்கு போட்டால் எல்லோருக்கும் களிதான்.

உங்களுக்குத்தான் பெரிய பிட்ரேட் பொருந்தும். 4K, 30 பிரேமுக்கு யூடியூப் சொல்வது 35 முதல் 45 மெகாபிட், அதில் 45ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், டிரோனின் Sharpness-ஐக் குறைப்பது. கெமரா கூர்மையாக்கும்போது ஒவ்வொரு இலைக்கும் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவிடுகிறது, அதற்கும் பிட் செலவாகும். பிறகு வேகம்: பாலத்தைக் காட்டும்போது டிரோனை நிறுத்தி, ரயிலை மட்டும் நகர விடுங்கள். பின்னணிச் செடி அப்போது தெளியும். நீர்வீழ்ச்சிக்கு இதுகூட உதவாது, தண்ணீர் தண்ணீர்தான்.

தலவாக்கலை_விஞ்ஞானம்

1440p என்றால் யூடியூப் சொல்லும் அளவு 16 மெகாபிட். 20 நிமிடத்துக்கு 2.4 ஜிகாபைட் வருகிறது. 3 மெகாபிட் வேகத்தில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் போகும். இடையில் கரண்ட் போனால் இன்னும் கஷ்டம். இதற்கு வழி உண்டா?

நானுஓயா_படத்தொகுப்பு

அந்த 16, எல்லாமே அசைகிற கெமராக் காட்சிக்கும் போதுமென்று சொன்ன எண். அசையாத பக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். பிட்ரேட் எண்ணைக் கொடுக்காமல் தரத்தைக் கொடுங்கள், தேவையான பிட்டை மென்பொருளே எடுத்துக்கொள்ளும்:

```
ffmpeg -i paadam.mkv -c:v libx264 -preset slow -crf 17 \
 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k \
 -movflags +faststart paadam.mp4
```

இதில் உங்கள் வகைக் காணொளி சில நூறு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. 300 மெகாபைட் என்றால் 3 மெகாபிட்டில் 13, 14 நிமிடம். `-crf` எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பு பெருக்கும். 17க்குக் கீழே போனால் யூடியூப் சுருக்கிய பிறகு எந்த வேறுபாடும் நிற்காது. 23இல் விட்டால் புள்ளியின் ஓரம் நம் கோப்பிலேயே கரையத் தொடங்கும்.

இன்னொன்று: ஒரு மூலையில் உங்கள் முகத்தைக் கெமராவில் காட்டுகிறீர்களா? மங்கலான அறையில் எடுத்தால் கெமராவின் இரைச்சல் ஒவ்வொரு பிரேமிலும் மாறும். அந்தச் சின்னப் பெட்டி எழுத்துக்குப் போக வேண்டிய பிட்டைத் தின்றுவிடும். மேகம் வந்து போகும்போது ஜன்னல் வெளிச்சம் ஏறி இறங்குவதும் அப்படித்தான். லைட்டைப் போட்டு எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், அல்லது பெட்டியையே எடுத்துவிடுங்கள்.

ஹப்புத்தளை_பனி

நாங்கள் யூடியூப்பை விட்டுவிட்டு வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அங்கே இன்னும் மோசம்.

கொழுந்து

கெலரியிலிருந்து வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் தன் பங்குக்குச் சுருக்கும். Document என்று தேர்ந்து அதே கோப்பை அனுப்பினால் தொடாது, 2 ஜிகாபைட் வரை போகும். ஆனால் பிள்ளை முழுக் கோப்பையும் இறக்கித்தான் பார்க்கணும், 300 மெகாபைட் டேட்டா போகும். வினாவுக்கு ஒன்றாக வெட்டி அனுப்பினால் நல்லது.

தலவாக்கலை_விஞ்ஞானம்

முழுப் பாடத்தை ஏற்றுமுன் சின்னதாகச் சோதிக்க முடியுமா?

நானுஓயா_படத்தொகுப்பு

முடியும், செய்யத்தான் வேண்டும். 2560×1440 அளவில் ஒரு வெள்ளைப் பக்கம் எடுத்து, "தண்ணீர் ஒளித்தொகுப்பு கிளி கீரி றன்ன ணண்" என்ற ஒரே வரியை 28, 40, 48, 56, 64 பிக்சல் அளவுகளில் எழுதுங்கள். அதை 30 நொடி நிறுத்தி, பிறகு அடுத்த 30 நொடி அதே பக்கத்தின்மேல் பேனா ஓட விடுங்கள். ஏற்றி, 1440p வந்த பிறகு போனில் 360p-க்கு மாற்றி, போனைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். எந்த வரியில் கி, கீ பிரிந்து தெரிகிறதோ அதுதான் உங்கள் குறைந்த அளவு. அந்த வரியை விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எழுதியவரின் கண் இல்லாத புள்ளியையும் பார்த்துவிடும்.

போனை நிமிர்த்திப் பிடித்தால் காணொளி ஆறேழு சென்டிமீட்டர் அகலம்தான் வரும், அப்போது எந்த ரெசலூஷனும் உதவாது. பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

தலவாக்கலை_விஞ்ஞானம்

சோதித்தேன். Codecs-இல் `vp09` வந்திருக்கிறது. 360p-இல் 28, 40 இரண்டும் போய்விட்டன. 48இல் புள்ளி தெரிகிறது, கி/கீ சந்தேகம். 56இல் எல்லாம் தெரிகிறது. நீங்கள் சொன்ன 43, 1440-இல் 57தானே, கணக்குப் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. வினாத்தாள் தவிர, கரும்பலகைபோல் கரும்பச்சைப் பின்னணியில் நானே எழுதும் பக்கங்களும் உண்டு. அதில் வெள்ளை எழுத்து 56இல் தெளிவு. சிவப்பில் எழுதிய விடை மட்டும் 72இல்கூடக் குழம்புகிறது.

நானுஓயா_படத்தொகுப்பு

அது அளவின் குற்றம் இல்லை, நிறத்தின் குற்றம். நாம் கொடுத்த `yuv420p`-யும் யூடியூப் கொடுப்பதும் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் எழுதும். நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் எழுதும். எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் வேறுபட்டால் ஓரம் கூராக நிற்கும். நிறத்தில் மட்டும் வேறுபட்டால் பாதி ரெசலூஷன்தான் உங்களுக்கு.

உங்கள் கரும்பச்சை 0, 90, 50 என்று வைத்தால் அதன் வெளிச்சம் 255இல் 68. தனிச் சிவப்பின் வெளிச்சம் 54. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல், எழுத்தே மறைந்துவிடும். மஞ்சளின் வெளிச்சம் 237, அதனால் பலகையில் விடைக்கு மஞ்சளைப் போடுங்கள். வெள்ளை வினாத்தாளில் அப்படியே தலைகீழ்: அங்கே சிவப்பும் நீலமும் நல்லவை, மஞ்சள் போய்விடும்.

கொழுந்து

ஓபிஎஸ்ஸில் Color Format-ஐ I444 ஆக்கி, 1080-இல் பதிந்து, சரியாக இரண்டு மடங்காக 4K-யில் ஏற்றினால் சிவப்பும் நிற்கும் என்று படித்திருக்கிறேன். நிறம் நான்குக்கு ஒன்று என்றாலும், 4K-யின் நான்கு பிக்சல் நம்முடைய ஒரு பிக்சல்தானே?

நானுஓயா_படத்தொகுப்பு

கணக்கு சரி, 4K பதிப்பைப் பார்க்கிறவருக்கு நிற்கும். 360p-க்கு யூடியூப் திரும்பவும் நான்குக்கு ஒன்றாகத்தான் எழுதும், அங்கே சிவப்பு மறுபடி போய்விடும். `neighbor` முறையில் இரட்டிப்பாக்கினால் எழுத்து கூராக இருக்கும் என்பது உண்மை:

```
-vf "scale=3840:2160:flags=neighbor"
```

ஆனால் பீடிஎஃப்பிலிருந்து நேராக 1440 எடுக்க முடிகிறபோது 1080ஐ இரட்டிப்பாக்க நான் போகமாட்டேன்.

கொழுந்து

720p-இல் பார்க்கிறவர்களுக்கு 4K-யில் ஏற்றியது 1440ஐவிடக் கொஞ்சமாவது நன்றாக இருக்கும் என்பதுதான் இன்னும் என் எண்ணம். இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏற்றி ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தலவாக்கலை_விஞ்ஞானம்

ஏற்றும்போது அந்த மஞ்சள் வரியையும் சேர்த்துவிடுங்க அண்ணா. பலகைப் பக்கம் நாற்பது இருக்கிறது, நிறத்தை மாற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்கிறேன்.